கல்யாணக் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்து எழுதிய நன்றிக் கடிதங்கள்

கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு அனுப்புகிற அச்சடித்த நன்றிக் கார்டைப் பற்றி இங்கே எழுதவில்லை. சமைத்தவர், பந்தல் போட்டவர், மேளம் வாசித்தவர், பாத்திரம் தேய்த்தவர் என்று கல்யாணத்தை நடத்திக் கொடுத்தவர்களுக்கு நாங்கள் கையால் எழுதிக் கொடுத்த கடிதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். எப்படி எழுதினோம், எங்கே சிக்கல் வந்தது, வாங்கிக்கொண்டவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது இதேபோல் செய்ய நினைப்பவர்களுக்கு உதவலாம்.

என் தங்கை கல்யாணம் ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில், பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டிலேயே நடந்தது. ஆடி பிறந்ததும் கடிதம் எழுத உட்கார்ந்தோம். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் சமையல்காரர், மேளக்காரர், பந்தல்காரர் எல்லோரும் ஊரில் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். நாமும் போய் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் பேச வருகிறவர்களும் ஆடியில்தான் வருவார்கள். அப்போது கடிதம் அவர்கள் கையில் இருந்தால் எடுத்துக் காட்டலாம். கல்யாணம் முடிந்த மறுநாளே கொடுக்கலாமே என்று அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, சொன்னார்கள். ஆனால் மறுநாள் யாருக்கும் எதுவும் நிதானமாக நினைவில் இருக்காது. களைப்பில் எழுதினால் எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி வந்துவிடும்.

எங்கள் பக்கம் எதையும் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. கல்யாணத்தில் ஒப்பந்தமாக இசைகுடிமானம் எழுதுவோம், மொய்ப்பணத்துக்கு ஏடு போடுவோம், சீர் சாமானுக்குப் பட்டியல் உண்டு. அதனால் கல்யாணச் செலவுக்கும் ஒரு நீள நோட்டு இருந்தது. அட்வான்ஸ் கொடுத்ததிலிருந்து கடைசியில் இலை எடுத்தவருக்குக் கொடுத்தது வரை ஆத்தா, அதாவது எங்கள் அம்மா, அதில் எழுதியிருந்தார்கள். யாருக்கெல்லாம் கடிதம் எழுத வேண்டும் என்று யோசித்துக் குழம்புவதற்குப் பதில் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டோம். செலவு வரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆளோ சில ஆட்களோ இருப்பார்கள்.

ஆனால் நோட்டு பணத்தைத்தான் சொல்லும், ஆட்களை முழுதாகச் சொல்லாது. ‘சமையல்’ என்று ஒரே தொகைதான் இருக்கும். அதற்குள் மேஸ்திரி, அவருடன் அடுப்பில் நின்றவர்கள், காய் நறுக்கிய பெண்கள், மாவு ஆட்டியவர், பரிமாறிய பையன்கள் எல்லோரும் அடக்கம். ‘டெக்கரேஷன்’ என்ற வரிக்குள் இரவு முழுக்கப் பூக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அதனால் மொத்தத் தொகையாக இருந்த வரிகளுக்கு மட்டும், அந்த வேலையை எடுத்தவரைக் கூப்பிட்டு, “உங்கள்கூட வந்தவர்கள் யார் யார், அன்றைக்கு யார் என்ன செய்தார்கள்?” என்று கேட்டோம். முதலில் எல்லோரும் தயங்கினார்கள். ஆள் பெயரைக் கேட்டால் அடுத்த தடவை நேரடியாகக் கூப்பிட்டுவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கும், அது நியாயமான பயம்தான். கடிதத்தை உங்கள் வழியாகத்தான் கொடுப்போம், போன் நம்பர் வேண்டாம் என்று சொன்ன பிறகு பெயர் வந்தது.

பெயரில் இன்னொரு தொல்லை. நோட்டில் ‘பாத்திரம் அக்கா’, ‘வாழையிலை அண்ணன்’, ‘ஜெனரேட்டர் தம்பி’ என்றுதான் இருந்தது. ஜிபேயில் பணம் அனுப்பிய இடத்தில் பெயர் இருக்குமே என்று தம்பி தேடிப் பார்த்தான். பாதிப் பேருடைய கணக்கு மகன் பெயரிலோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரிலோ இருந்தது. அதை நம்பிக் கடிதம் எழுதினால் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்குப் பதில் அவர் மகனுக்கு நன்றி சொன்னதாகிவிடும். கடைசியில் ஒவ்வொருவரையும் கேட்டு, இனிஷியலோடு எழுதி வாங்கினோம். ‘பத்திரிகையில் போடுவதென்றால் உங்கள் பெயரை எப்படிப் போடுவீர்கள்?’ என்று கேட்டால் சரியான பெயர் வரும். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கடிதத்தில் போடக் கூடாது. நாம் செல்லமாக நினைத்துப் போட்டாலும், நாலு பேர் முன்னால் வாசிக்கும்போது அவருக்குக் குறைவாக இருக்கும்.

அழைக்கும் முறையில் வீட்டுப் பேச்சையே வைத்துக்கொண்டோம். மேஸ்திரியைக் கல்யாணம் முழுக்க அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம், கடிதத்திலும் ‘திரு.’ போட்டு, பெயர் எழுதி, ‘அண்ணன் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்தோம். நாதஸ்வரம் வாசித்த பெரியவருக்கு மட்டும் ‘மதிப்பிற்குரிய வித்வான்’. கையெழுத்து அப்பச்சியும் ஆத்தாவும் போட்டார்கள். எழுதியது நானும் என் மனைவியும்தான் என்றாலும், கல்யாண வீட்டுக்காரர் கையெழுத்துக்குத்தான் ஊரில் மதிப்பு.

இனி எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். மாதிரிக்கு என்று சித்தப்பா மகள் போனிலேயே ஒன்றை எழுதி அனுப்பியிருந்தாள். ‘தங்கள் அறுசுவை உணவு விருந்தினர் அனைவரின் உள்ளங்களையும் கவர்ந்தது’ என்று தொடங்கும். நல்ல தமிழ்தான். ஆனால் அதை எந்தச் சமையல்காரருக்கும் கொடுக்கலாம், நம் கல்யாணத்தில் சாப்பிடாதவர்கூட எழுதலாம். மேஸ்திரி அதை இன்னொரு வீட்டில் காட்டினால், அந்த வீட்டுக்காரருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு கடிதத்திலும், அன்றைக்கு அங்கே இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒரு விஷயமாவது இருக்க வேண்டும். அந்த விஷயம் அவருடைய கைவேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும், குணத்தைப் பற்றியதாக இல்லாமல். ‘சிரித்த முகம்’, ‘பொறுமைசாலி’ என்பதெல்லாம் கடைசியில் ஒரு வரி வந்தால் போதும்.

அந்த விஷயத்தைப் பிடிப்பதுதான் வேலை. சமையலுக்கு எப்படிப் பிடித்தோம் என்று சொல்கிறேன்.

காலைப் பலகாரத்தில் வெள்ளைப் பணியாரம் பற்றி வந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். சரி, அதையே எழுதலாம் என்று முடிவு செய்தோம். ஆனால் ‘பணியாரம் நன்றாக இருந்தது’ என்றால் போதாது, ஏன் நன்றாக இருந்தது என்று தெரிய வேண்டும். வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒரு படியில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து வைத்தால் அதுதான் கணக்கு. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வழுவழுவென்று ஆட்டி, உப்புப் போட்டு, காய்ந்த எண்ணெயில் கரண்டி கரண்டியாக ஊற்றி எடுக்க வேண்டும். வீட்டில் இருபது பேருக்குச் செய்யும்போது சிக்கல் இல்லை. 600 பேர் பந்தி பந்தியாக உட்காரும்போதுதான் சிக்கல். மாவைப் புளிக்க விடாமல் ஊற்ற வேண்டிய பலகாரம் இது. ஆனி வெயிலில், அடுப்படிச் சூட்டில், விடியற்காலையில் ஆட்டிய மாவு எட்டு மணிப் பந்திக்குள் மாறிவிடும். கெட்டியாகிவிட்டதே என்று தண்ணீர் விட்டால் எண்ணெய் குடிக்கும். நிறம் வந்துவிட்டால் அப்புறம் அது வெள்ளைப் பணியாரம் இல்லை.

மேஸ்திரியிடம் இதைக் கேட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: “மொத்தமா ஆட்டலையே. அரிசியையும் உளுந்தையும் நாலு அண்டாவுல வேற வேற நேரத்துல ஊறப்போட்டோம். பந்தி உட்கார உட்கார அந்தந்த ஈடு ஆட்டுனது. அதெல்லாம் நான் பாக்கலை, மாவு ஆட்டுற அக்காதான் கணக்கு வச்சிருந்துச்சு.” அதாவது, ஊரே புகழ்ந்த பணியாரத்துக்குப் பின்னால் ஒரு நேரக் கணக்கு இருந்திருக்கிறது. அந்தக் கணக்கை வைத்திருந்தவர் பந்திப் பக்கமே வராத ஒரு பெண். பணியாரத்தை ஊற்றியவர் வேறு ஒருவர். மேஸ்திரி இரண்டு பேரையும் சரியான இடத்தில் நிறுத்தியவர். ஒரு கடிதம் எழுதப் போன இடத்தில் மூன்று கடிதங்கள் ஆயின.

மேஸ்திரிக்கு எழுதியது, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு, இது:

‘அண்ணன் அவர்களுக்கு வணக்கம். ஆனி மாதம் பள்ளத்தூரில் எங்கள் மகள் கல்யாணத்துக்குக் காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் நீங்கள் செய்து கொடுத்தீர்கள். காலையில் முதல் பந்தியில் வைத்த வெள்ளைப் பணியாரமும் கடைசிப் பந்தியில் வைத்த பணியாரமும் ஒரே வெள்ளையாக, ஒரே மென்மையாக இருந்தன. மாவை மொத்தமாக ஆட்டி வைக்காமல், பந்திக்குத் தகுந்தபடி ஈடு ஈடாக ஆட்ட நீங்கள் ஏற்பாடு செய்திருந்தது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாவு ஆட்டிய அக்காவுக்கும் பணியாரம் ஊற்றிய தம்பிக்கும் தனியாக எழுதியிருக்கிறோம், அவர்களிடம் சேர்க்கவும். எங்கள் வீட்டு அப்பத்தா இன்னும் இரண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பள்ளத்தூர்ப் பக்கம் யார் கேட்டாலும் உங்கள் பெயரைச் சொல்வோம்.’

இவ்வளவுதான். பத்து வரிக்குள் முடிந்துவிட்டது. சாப்பாட்டில் இருந்த மற்ற ஐட்டங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராட்டுச் சேர்க்கலாமா என்று மனைவி கேட்டாள். எழுதிப் பார்த்தோம், மெனு கார்டு மாதிரி ஆகிவிட்டது. பணியாரமும் மற்றவற்றோடு ஒன்றாகிக் காணாமல் போனது. அதைக் கிழித்துவிட்டோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மதியம் கடைசிப் பந்திக்குச் சாம்பார் கொஞ்சம் பற்றாமல் போனது. அதைக் கடிதத்தில் எழுதவில்லை, அதற்காகச் சாம்பாரைப் புகழ்ந்தும் எழுதவில்லை. சாம்பாரைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே இல்லை. அதை அவரிடம் நேரில் வேறொரு நாள் பேசிக்கொண்டோம். நன்றிக் கடிதத்துக்குள் ‘ஆனால்’ என்று ஒரு சொல் வந்தாலும் அந்தத் தாளை அவர் யாரிடமும் காட்ட முடியாது. குறையையும் மறைத்துப் பாராட்டினால், கல்யாணத்துக்கு வந்திருந்த ஒருவர் அதைப் படிக்கும்போது மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

மேளக்காரர் கடிதத்தில் பயம் வேறு மாதிரி. எங்கள் வீட்டில் யாருக்கும் சங்கீதம் தெரியாது. ‘தேனிசை மழை பொழிந்தீர்கள்’ என்று எழுதித் தப்பித்துவிடலாம். ஆனால் அந்தப் பெரியவர் வாழ்நாள் முழுக்க அந்த வரியைக் கேட்டவர். ராகத்தின் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்கும், ஆனால் தப்பாக எழுதிவிட்டால் அவ்வளவுதான், நமக்குக் காது இல்லை என்று சிரித்துக்கொள்வார். அதனால் தெரியாததை எழுதக் கூடாது, கேட்டு எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

எங்களுக்கு நினைவில் நின்றது மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை வீட்டார் வண்டி வருவதற்குத் தாமதமாகிவிட்டது. கோயில் வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஜனம் சலசலக்க ஆரம்பித்தது. அப்போது பெரியவர் நிழலில் உட்கார்ந்து மெதுவாக ஒரு ராகத்தை எடுத்து நீட்டி வாசித்துக்கொண்டே இருந்தார். தவில்காரர் அவ்வப்போது மட்டும் தொட்டுக்கொண்டார். கூட்டம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அது என்ன ராகம் என்று போனில் கேட்டோம். “தோடி. நேரம் இருந்துச்சுல்ல, அதான்” என்றார். தோடி நாதஸ்வரத்தில் எவ்வளவு பெரிய ராகம் என்று திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பெயரைக் கேள்விப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் அதை ஆற அமர வாசிக்க யாரும் நேரம் கொடுப்பதில்லை என்றும் சொன்னார். வண்டி தாமதமானது எங்களுக்குச் சங்கடமாக இருந்தது, அவருக்கு அது வாய்ப்பாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நாதஸ்வரத்தின் வாயில் வைக்கும் சீவாளி நாணலில் செய்வது, ஈரம் இருந்தால்தான் பேசும். வெயிலிலும் காற்றிலும் அது சீக்கிரம் காய்ந்து சுருதி பிசகும். அவர் நடுநடுவே நிறுத்தி, கட்டித் தொங்கும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைத்து மாற்றிக்கொண்டது அதற்காகத்தான். பார்த்த எங்களுக்கு அவர் இளைப்பாறுகிறார் என்றுதான் தோன்றியிருந்தது. கடிதத்தில் இப்படி எழுதினோம்: ‘வெயில் ஏறிய நேரத்தில், சீவாளி காயக் காய மாற்றிக்கொண்டு, மாப்பிள்ளை வண்டி வரும்வரை நீங்கள் தோடி வாசித்தீர்கள். கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை.’ இந்த இரண்டு வரியில் புகழ்ச்சி என்று ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் அவர் அதை வாசித்துவிட்டு, பேரனைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

தவில்காரருக்கு எழுதியது தாலி கட்டுகிற திருப்பூட்டு நேரத்தைப் பற்றி. பழைய வீட்டில் சடங்கு நடப்பது உள்ளே, முற்றத்தைச் சுற்றிய வளவில். மேளம் உட்கார்ந்தது முகப்பில். அங்கிருந்து பார்த்தால் மணையும் தெரியாது, மாப்பிள்ளை கையும் தெரியாது. கெட்டிமேளம் ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் நடைவாசலில் நின்று கையைத் தூக்கிக் காட்டினான். தவில்காரர் அவன் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்து, சரியான நேரத்தில் அடித்தார். அவருக்கு எழுதிய கடிதத்திலேயே அந்தப் பையனையும் குறிப்பிட்டோம். பையனுக்கும் ஒரு சின்னக் கடிதம் போனது. சொந்தக்காரப் பையனுக்கு எதற்கு நன்றி என்று அவன் அம்மா கோபித்துக்கொண்டார்கள், அது வேறு கதை.

பந்தல்காரருக்கும் பூ அலங்காரம் செய்தவருக்கும் சேர்த்து ஒரே ஆள்தான் வேலையை எடுத்திருந்தார். அவருக்குக் கடிதத்தை விடப் பெரிய தேவை ஒன்று இருந்தது, நல்ல படம். அலங்காரம் முடிந்ததும் ஜனம் வந்துவிடும். அப்புறம் எடுக்கிற எந்தப் படத்திலும் பூவுக்கு முன்னால் யாராவது நிற்பார்கள். அவர் போனில் அடுத்த வீட்டுக்காரருக்குக் காட்ட வைத்திருந்த படங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. எங்கள் போட்டோகிராபர் விடியற்காலையில், ஆள் நுழைவதற்கு முன், வளவையும் முகப்பையும் எடுத்திருந்தார். அவரிடம் சம்மதம் கேட்டு, நாலு படத்தைப் பிரிண்ட் போட்டுக் கடிதத்தோடு வைத்தோம், போனிலும் அனுப்பினோம். மணமக்களோ விருந்தாளிகளோ இருக்கிற படங்களைக் கொடுக்கவில்லை. அவை எங்கே போய்ச் சேரும் என்று நம் கையில் இல்லை.

கடிதத்தில் அவருடைய பூவைப் பற்றி ஒரு வரிதான். மற்றதெல்லாம் வீட்டைப் பற்றி. செட்டிநாட்டு வீட்டில் அலங்காரம் செய்வது மண்டபத்தில் செய்வது போல இல்லை. தூண் தேக்கு, ஆணி அடித்தால் அந்த ஓட்டை நூறு வருஷத்துக்கும் நிற்கும். சுவர் சுண்ணாம்புப் பூச்சு, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழவென்று தேய்த்தது. அதில் டேப் ஒட்டிப் பிரித்தால் பூச்சும் சேர்ந்து உரிந்து வரும், இன்றைக்கு அதே மாதிரி பூச ஆள் கிடைப்பது கஷ்டம். தரை ஆத்தங்குடிக் கல். அது சூளையில் சுட்டது இல்லை, கண்ணாடியின் மேல் சாயச் சிமென்ட்டை ஊற்றி வார்த்தது. இரும்புக் கால் இழுபட்டால் கீறல் விழும். இவர் தூணுக்குப் பழைய துணியைச் சுற்றி அதன்மேல் கயிறு கட்டினார். சுவரைத் தொடாமல், மேலே இருந்த பழைய கொக்கிகளிலிருந்து சரங்களைத் தொங்கவிட்டார். ஸ்டாண்டு கால்களுக்குக் கீழே சாக்கு மடித்துப் போட்டார். கழற்றிய பிறகு வீட்டில் ஒரு தழும்பு கிடையாது.

இதை அப்படியே எழுதினோம். பூ எல்லோரும் கட்டுவார்கள். பழைய வீட்டைக் கெடுக்காமல் கட்டத் தெரிந்தவர் என்று ஒரு வீட்டுக்காரர் கைப்பட எழுதியிருந்தால், கானாடுகாத்தான், கோட்டையூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறக்கிறவர்கள் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரவு முழுக்க முகப்பில் உட்கார்ந்து பூக் கட்டிய பெண்களுக்கு, சம்பங்கியும் மரிக்கொழுந்தும் காலையில் வாடாமல் இருந்ததைச் சொல்லித் தனித்தனிக் கடிதம். ஈரத் துணி போட்டு மூடி, மூடியதை நடுநடுவே பிரித்துத் தண்ணீர் தெளித்தார்கள் என்பதை அன்றிரவு அவர்களுக்கு டீ கொடுத்த என் மனைவி பார்த்திருந்தாள்.

பாத்திரம் தேய்த்தவர்கள், கூட்டிப் பெருக்கியவர்கள், இலை எடுத்தவர்கள், இவர்களுக்கு எழுதும்போது ஒரு கேள்வி வந்தது. சிலருக்குப் படிக்கத் தெரியாது. அவர்களுக்குக் கடிதம் எதற்கு என்று தம்பி கேட்டான். அப்பத்தாவிடம் கேட்டோம். “படிக்கத் தெரியாட்டி என்னடா, வீட்டுல புள்ளைக படிக்கும், படிச்சுச் சொல்லும்” என்றார்கள். அது சரிதான். ஆனால் கடிதத்தை இன்னொருவர் சத்தமாக வாசிக்கப் போகிறார் என்றால் எழுதுவதும் மாற வேண்டும். எழுத்துகளைப் பெரிதாக எழுதினோம். வாக்கியங்களைச் சின்னதாக வைத்தோம். மிக முக்கியமாக, பிள்ளைகள் வாசித்தால் சங்கடப்படக்கூடிய எதையும் எழுதவில்லை. ஒரு அக்கா அன்றைக்குக் காய்ச்சலோடு வந்து வேலை பார்த்தார். எங்களுக்கு அது பெரிய விஷயம், எழுதலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் வீட்டில் சொல்லாமல் வந்திருந்தார். அவருக்கு எழுதியதில் அதற்குப் பதில் பால் அண்டாக்களைப் பற்றி இருந்தது: ‘பாயசத்துக்குப் பால் காய்ச்சிய அண்டாவின் அடிப்பற்றைக் கீறல் விழாமல் தேய்த்துக் கொடுத்தீர்கள். அது எங்கள் ஆத்தாவின் கல்யாணச் சீரில் வந்த அண்டா.’ கூலி எவ்வளவு, கூடுதலாக என்ன கொடுத்தோம் என்பதும் எந்தக் கடிதத்திலும் இல்லை.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடிதத்தைப் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. ஒருவருக்கு இன்னும் பாக்கி இருக்கும்போது நன்றிக் கடிதத்தோடு போய் நின்றால், பாக்கியைக் கேட்க அவருக்கு வாய் வராது. அதனால் நோட்டில் பாக்கி என்று இருந்ததை எல்லாம் முதலில் தீர்த்தோம். உதவிக்கு வந்தவர்களுக்கு வேட்டி, சேலை, ஒரு ரூபாய் சேர்த்த அன்பளிப்பு எல்லாம் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தோம், கடிதம் அதன் மேலே தனிக் கவரில். பணமும் கடிதமும் ஒரே கவரில் இருந்தால் பணத்தை எடுத்துக்கொண்டு கவர் எங்காவது போய்விடும்.

தாள், பேனா விஷயத்தில் கொஞ்சம் தடுமாறினோம். கல்யாணப் பத்திரிகையில் மிச்சமான வெற்றுக் கார்டுகள் நிறைய இருந்தன, வழுவழுப்பான மினுங்கும் தாள். அதில் ஜெல் பேனாவால் எழுதினால் மை உள்ளே இறங்கவில்லை, கை பட்ட இடமெல்லாம் இழுத்தது. பால்பாயிண்ட் பேனா அதில் வழுக்கியது. காரைக்குடியில் ஒரு கடையில் 100 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாள் வாங்கி, ஏ5 அளவில் வெட்டிக்கொண்டோம். அதில் எந்தப் பேனாவும் ஓடியது. அடித்துத் திருத்திய கடிதத்தைக் கொடுக்க மனம் வராது என்பதால் முதலில் ரஃப் தாளில் எழுதி, இன்னொருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அப்புறம்தான் நல்ல தாளில் எழுதினோம். சத்தமாக வாசிக்கும்போது இடறுகிற வாக்கியம் எல்லாம் உடனே தெரிந்துவிடும். மேஸ்திரி, பந்தல்காரர், நாதஸ்வரப் பெரியவர் ஆகியோரின் கடிதங்களை மட்டும் லேமினேட் செய்தோம், அவர்கள் பிறரிடம் காட்டுவார்கள் என்பதால். ஜெல் மை நன்றாகக் காய ஒரு நாள் விட்டுச் செய்தால் இழுக்காது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டோம்.

கொடுக்கும்போது, தலைமை ஆளிடம் அவருடைய ஆட்களின் கடிதங்களையும் சேர்த்தே கொடுத்தோம். ஒவ்வொரு கவரின் மேலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தோம். மாவு ஆட்டிய அக்காவின் கடிதத்தை மேஸ்திரி அங்கேயே பிரிக்கச் சொல்லிக் கேட்டார், வேண்டாம் என்று நாங்கள் சொன்னதும் பிரிக்காமல் வைத்துவிட்டார். அது அந்த அக்காவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வாரம் கழித்து ஆத்தா விசாரித்தார்கள். சேர்ந்திருந்தது. பூக் கட்டியவர்களில் இரண்டு பேர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டதால் அவர்களுடைய கவர் இன்னும் பந்தல்காரர் கடை மேஜையில் இருக்கிறது, ஆவணியில் வருவார்களாம்.

மேஸ்திரி மட்டும் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். நாங்கள் முதலில் எழுதிய பிரதியில் ‘600 பேருக்கு’ என்று ஒரு சொல் இருந்தது. “தம்பி, அந்த 600ஐ எடுத்துருங்க. நான் ரெண்டாயிரம் பேருக்கெல்லாம் சமைச்சிருக்கேன். இதைப் பாக்குறவங்க இவருக்கு 600 பேருதான் முடியும்போலனு நினைப்பாங்க” என்றார். லேமினேஷனைப் பிரித்தால் தாளும் கிழியும் என்பதால் புதிதாக எழுதி, அப்பச்சியிடம் மறுபடி கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். மேலே நான் கொடுத்திருப்பது அந்த இரண்டாவது பிரதி.